கீழே விழுந்த இயர்பட்டுக்குள் ஏதோ ஆடுகிறது: பழுது பார்க்கலாமா, தூக்கிப் போடுவதா?

கீழவாசல்:
வணக்கம். முந்தாநாள் மாடிப்படி இறங்கும்போது வலது இயர்பட் காதிலிருந்து நழுவி, ஏழெட்டுப் படிகள் உருண்டு சிமெண்ட் தரையில் விழுந்துவிட்டது. வெளியே ஒரு கீறல்தான். ஆனால் உதறினால் உள்ளே 'டக்' என்று கேட்கிறது. பேச்சு தெளிவாக இருக்கிறது. தவில் வரும் இடத்தில் மட்டும் காகிதம் அதிர்வதுபோல் ஒரு கிரகிரப்பு. வாங்கியது 2,800 ரூபாய்க்கு, உத்தரவாதம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்துக் கடையில் திறந்து பார்க்கவே 500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

தனிவழி:
தாழ்ந்த ஒலியில் கிரகிரத்தால், உள்ளே ஒலியை உண்டாக்கும் டிரைவரின் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். அதை ஒட்ட முடியாது. 500 ரூபாயை வீணாக்காதீர்கள்.

மல்லிகா அக்கா:
என்னுடையதும் இப்படித்தான், தம்பி. பையில் போட்டு நடந்தாலே சத்தம் வரும். மூடிக்குள் ஒரு பஞ்சுத் துண்டு வைத்தேன், நின்றுவிட்டது.

சாலிடர் மேசை:
அக்கா, உங்களுடையது சார்ஜ் பெட்டியின் மூடி ஆடும் சத்தம். இவர் சொல்வது இயர்பட்டுக்குள்ளே வருவது.

தனிவழி சொல்வது பாதி சரி. சவ்வு மடங்கினாலும், அதை அசைக்கும் காயில் என்ற கம்பிச்சுருள் இடம் பெயர்ந்து காந்தத்தில் உரசினாலும் தாழ்ந்த ஒலியில்தான் முதலில் தெரியும், ஏனென்றால் சவ்வு அதிகமாக அசைவது அங்கேதான். ஆனால் அவிழ்ந்து கிடக்கும் எந்தத் துண்டும் அதே அதிர்வில் கிரகிரக்கும். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேலும், சவ்வு எடையே இல்லாதது. கிழிந்தாலும் 'டக்' என்று சத்தம் போடாது. உங்களிடம் தனியாக ஏதோ ஒன்று கழன்றிருக்கிறது.

கீழவாசல், கைப்பேசியில் ஒலி உண்டாக்கும் செயலி ஒன்றை நிறுவி, 50 ஹெர்ட்ஸிலிருந்து 300 வரை மெதுவாக ஏற்றுங்கள். இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். இயர்பட்டைக் காதில் மாட்டாமல் விரலில் பிடித்து, ஒலியளவைக் குறைவாக வைத்துக் கேளுங்கள். கிரகிரப்பு வரும் இடத்தில் நிறுத்தி, இயர்பட்டைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்புங்கள். திருப்பும்போது சத்தம் மாறினால் அவிழ்ந்த துண்டு. எப்படிப் பிடித்தாலும் மாறாவிட்டால் டிரைவர்மேல்தான் சந்தேகம். அதற்குமுன் வலைமூடியை வெளிச்சத்தில் பாருங்கள்: ஒரு தலைமுடி உள்ளே போய்ச் சவ்வைத் தொட்டாலும் இதே கிரகிரப்பு வரும்.

இன்னொன்று: பெட்டியில் வைக்கும்போது வலது பக்கம் முன்போல் இழுத்துப் பிடிக்கிறதா?

கீழவாசல்:
ஐயா, அதைக் கவனிக்கவே இல்லை! பெட்டியைக் கவிழ்த்தால் இடது ஒட்டியே இருக்கிறது, வலது கையில் விழுகிறது. நேற்று வலது சார்ஜ் ஏறாததும் இதனால்தானோ? 110 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாகக் கிரகிரக்கிறது. ஒலிவாயைக் கீழ்நோக்கித் திருப்பினால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

சாலிடர் மேசை:
அப்படியானால் பெட்டியோடு ஒட்டவைக்கும் சிறு காந்தம் பசை விட்டிருக்கிறது. கழன்றதும் அது பேட்டரியின் எஃகு உறையிலோ டிரைவரின் பின்புறத்திலோ போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தொடர்ந்து கடகடக்காமல், உதறும்போது மட்டும் 'டக்' என்கிறது.

இதற்கு 500 ரூபாய் கொடுக்கலாம். டிரைவர் போயிருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். அதே அளவு டிரைவரைத் தேடி மாற்றினாலும் இடது வலது ஒலி பொருந்தாது. கடைக்காரரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். உடனடிப் பசை வேண்டாம். அதன் ஆவி சவ்வில் படிந்து வெள்ளையாகும். கைப்பேசித் திரை ஒட்டும் நெகிழ்வான பசை போதும். ஒட்டுமுன் காந்தத்தின் எந்த முகம் பெட்டியை ஈர்க்கிறது என்று பார்த்துப் புள்ளி வைக்க வேண்டும். திருப்பி ஒட்டினால் பெட்டி அதைத் தள்ளிவிடும். நீங்களே கத்தியால் நெம்பாதீர்கள். மூட்டுக்கு மிக அருகில் லித்தியம் பேட்டரி இருக்கும். திறந்தபின் பழைய நீர்ப்பாதுகாப்பு இருக்காது, வியர்வையோடு ஓடப் போடாதீர்கள்.

தனிவழி:
காந்தம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 14 மாதம் ஆன பேட்டரிக்கு 500 செலவழிப்பதை நான் இன்னும் ஒப்பவில்லை. ஒற்றை இயர்பட்டை மட்டும் நிறுவனத்திடம் வாங்க முடியுமா என்று கேளுங்கள்.

கீழவாசல்:
கேட்டேன், அண்ணா. ஒற்றை இயர்பட் 1,300 ரூபாயாம். அதனால் இன்று கடையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். சூடு காட்டித் திறந்ததும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய காந்தம் டிரைவரின் முதுகில் அட்டைபோல் ஒட்டியிருந்தது. இடத்தில் வைத்து ஒட்டிவிட்டார். 'டக்' இல்லை, பெட்டி பிடிக்கிறது, சார்ஜும் ஏறுகிறது. ஆனால் முக்கால் ஒலியளவுக்கு மேல் 110 ஹெர்ட்ஸில் மெல்லிய கிரகிரப்பு இன்னும் இருக்கிறது. இப்போது எப்படித் திருப்பினாலும் மாறவில்லை.

சாலிடர் மேசை:
காயில் சுருளும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கலாம், அல்லது உள்ளே பசைத்துணுக்கு ஏதாவது இருக்கலாம். மறுபடி திறக்காமல் சொல்ல முடியாது, திறக்கவும் சொல்லமாட்டேன். ஒரு வாரம் கழித்து அதே 110இல், அதே ஒலியளவில் கேட்டுப் பாருங்கள். குறைந்த ஒலியிலும் வரத் தொடங்கினால் இங்கே எழுதுங்கள்.