அப்பத்தா அறைக்கு எந்த ஹீட்டர்?

வள்ளியம்மை, கானாடுகாத்தான்: அப்பத்தாவுக்கு 84 வயசு. இரண்டாங்கட்டு அறையில் படுக்கிறார்கள், ஆத்தங்குடிக் கல் தரை, கூரை 15 அடி உயரம். மார்கழி விடியலில் கால் சில்லிட்டுப் போகிறது. ஆயில் ரேடியேட்டர், ஃபேன் ஹீட்டர், குவார்ட்ஸ் ஹீட்டர், எதை வாங்கலாம்? கரண்ட் பில்லும் கையைக் கடிக்கக் கூடாது.

சாத்தப்பன்: ஆயில் ரேடியேட்டர்தான், யோசிக்கவே வேண்டாம். எண்ணெய் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கரண்ட் மிச்சம். பெங்களூரில் மகன் வீட்டில் ராத்திரி முழுக்க ஓடுகிறது.

லெட்சுமணன்: பாதுகாப்பானது என்பது சரி அண்ணே, மிச்சம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எண்ணெயில் இருக்கும் சூடு நாம் கரண்ட் கொடுத்து ஏற்றியதுதான், மூன்று ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு சூடுதான் தரும். பெங்களூர் ஃபிளாட்டில் கூரை தாழ்வு, அறை சீக்கிரம் சூடாகி தெர்மோஸ்டாட் நிறுத்தி நிறுத்தி ஓட்டும். இங்கே சூடான காற்றெல்லாம் உத்தரத்துக்கு ஏறிவிடும், வளவுப் பக்கக் கதவு இடுக்கில் குளிர் வந்துகொண்டே இருக்கும், தெர்மோஸ்டாட் நிறுத்தவே வாய்ப்பில்லாமல் போகலாம். 1500 வாட் விடாமல் 6 மணி நேரம் ஓடினால் 9 யூனிட். குவார்ட்ஸ் காற்றை நம்பி இல்லை, எதிரில் இருக்கும் ஆளையே நேராகச் சுடவைக்கும். 400 வாட் குழல் ஒன்றை மட்டும் 2 மணி நேரம் போட்டால் ஒரு யூனிட்கூட ஆகாது.

அழகு: நாங்கள் ஃபேன் ஹீட்டர் வாங்கி டிவி பிளக்கில் போட்டோம், கொஞ்ச நேரத்தில் மீன் வாடை மாதிரி ஒரு வாடை, பிளக் பழுப்பேறி உருகிவிட்டது. ஆக்ஸிஜனையும் அது குடித்துவிடும் என்கிறார்களே?

லெட்சுமணன்: ஆக்ஸிஜனை எரிப்பது கரியடுப்புதான், அதை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. கரண்ட் ஹீட்டரில் அந்தப் பயம் இல்லை. உங்கள் பிளக் உருகியதற்குக் காரணம் வேறு. 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், டிவி பிளக் 5, 6 ஆம்பியருக்கானது. 1500 வாட் ரேடியேட்டருக்கும் அது தாங்காது. பழைய வீட்டில் மரப்பட்டை வயரிங் இருந்தால் முதலில் எலக்ட்ரீசியனை விட்டு அந்த அறைக்குத் தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். ஓடும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

சாத்தப்பன்: பில் கணக்கு சரிதான் தம்பி. ஆனால் 84 வயசு ஆள் தூங்கும்போது செக்கச் செவேலென்று எரியும் குழல் பக்கத்தில் இருக்கலாமா? போர்வை நுனி கம்பி வலையில் பட்டால் என்ன ஆகும்?

லெட்சுமணன்: பற்றிக்கொள்ளும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அதனால்தான் தூங்கும்போது வேண்டாம் என்கிறேன். விடியலில் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, மூன்றடி தள்ளி வைத்து, யாராவது கூட இருக்கும்போது மட்டும் போடுங்கள். சாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச் இருக்கிறதா என்று கடையிலேயே சாய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

வள்ளியம்மை: அப்பத்தாவுக்கு எழுந்த பிறகு அவ்வளவாகத் தெரியவில்லை அண்ணே, மூன்று மணிக்குப் படுக்கையில்தான் கால் நடுங்குகிறது.

சாத்தப்பன்: அப்படியானால் நான் சொன்னதுதான். ரேடியேட்டரை இரண்டு மணிக்கே போட்டுவிடுங்கள், சூடேற அரை மணி ஆகும். மேலே துணி காயப்போடாதீர்கள்.

லெட்சுமணன்: அந்த நேரத்துக்கு ரேடியேட்டரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கட்டிலை கூரை தாழ்வான உள்ளறைக்கு மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும், இடம் இருக்கிறதா தங்கச்சி?