அரியர் 45,000 வரவேண்டாமா? ராணிப்பேட்டை ஊதிய ஒப்பந்தம்

ஆற்காடு ஃபிட்டர்: சிப்காட்டில் எங்கள் ஆலையில் 12-2-2024 அன்று தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் 12(3) ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. நோட்டீஸ் போர்டில் "மூன்று ஆண்டுக்கு மொத்த உயர்வு ரூ.4,500, 1-4-2023 முதல் அமல்" என்று ஒட்டியிருக்கிறார்கள். பத்து மாதத்துக்கு 45,000 வரவேண்டும். என் கணக்கில் ஏறியது 18,200. மீதி எங்கே?

காட்பாடி டர்னர்: சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள், வேறென்ன.

வாலாஜா முன்னாள் செயலாளர்: நானும் அதே ஆலைதான். சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுங்கள் தம்பி. முதல் ஆண்டு 2,500, அடுத்த இரண்டு ஆண்டும் தலா 1,000. ஏப்ரல் 2023 முதல் ஜனவரி 2024 வரை முதல் ஆண்டுத் தொகைதான் ஓடும். பத்து மாதத்துக்கு 25,000. தீபாவளிக்கு முன்பணமாக 5,000 வாங்கினீர்களே, அது இதில் கழியும். அப்புறம் 2,500-இல் பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 1,500. பிஎஃப் அதற்கு மட்டும் பிடிப்பார்கள். 15,000-க்கு 12 சதவீதம், 1,800. வீட்டு வாடகைப்படி 1,000-க்குப் பிடித்தம் இல்லை. மிச்சம் 18,200. உங்கள் ஸ்லிப்பில் லாஸ் ஆஃப் பே நாள் இருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.

காட்பாடி டர்னர்: கணக்கு சரி. ஆனால் 4,500-ஐப் பெரிய எழுத்தில் போட்டு, 2,500-ஐப் பின்பக்கத்தில் ஒளித்தது யார்?

வாலாஜா முன்னாள் செயலாளர்: அது தப்புதான். நான் இருந்த காலத்தில் ஆண்டுவாரித் தொகையைத்தான் முதல் வரியில் போடுவோம்.

மேல்விஷாரம்: என் அப்பா அங்கேதான் 28 வருஷம் வேலை பார்த்து 31-10-2023 ஓய்வு பெற்றார். கையெழுத்துக்கு முன்பே போய்விட்டவருக்கு ஒன்றுமில்லை என்கிறது டைம் ஆபீஸ்.

காட்பாடி டர்னர்: ரோலில் இல்லாதவருக்கு எப்படி வரும்? முடிந்த கதை அது.

வாலாஜா முன்னாள் செயலாளர்: அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அமல் தேதியில் அவர் வேலையில் இருந்தாரே! ஏழு மாத அரியர் 17,500. கிராஜுவிட்டி கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான். பேசிக், டிஏ 1,500 கூடினால் 1,500-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல், 28-ஆல் பெருக்குங்கள். 24,231 ரூபாய் வித்தியாசம். சின்னத் தொகையா இது? போர்டில் ஒட்டியது வெறும் சுருக்கம்மா. ஒப்பந்தத்தின் முழு நகலை வாங்கி, "பலன் யாருக்கு" என்ற ஷரத்தைப் படியுங்கள். இடையில் ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்து எழுதியிருந்தால் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பாக்கித் தொகையைக் கேட்டு வழக்குப் போடலாம்.

காட்பாடி டர்னர்: "கையெழுத்தான நாளில் பணியில் உள்ளவர்" என்று எழுதியிருந்தால்?

வாலாஜா முன்னாள் செயலாளர்: அப்போது வழக்கு கடினம். அந்த வார்த்தைக்குச் சங்கம் ஏன் ஒத்துக்கொண்டது என்று பொதுக்குழுவில் நானே கேட்பேன்.

மேல்விஷாரம்: நாளைக்கே அப்பாவை அழைத்துக்கொண்டு போய் நகல் கேட்கிறேன் ஐயா.