புதுப்பிப்பு: துண்டித்த பிராட்பேண்டுக்கு வந்த பில் ரத்தானது

முன்பு கேட்டது: "இணைப்பைத் துண்டித்து ரவுட்டரையும் திருப்பிக் கொடுத்தாச்சு. இன்னும் மாதாமாதம் பில் வருது. கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?"

499 ரூபாய் திட்டம், 18% ஜிஎஸ்டியோடு இரண்டு மாதத்துக்கு 1,177.64 ரூபாய். இப்போது முழுவதும் ரத்து.

கஸ்டமர் கேரில் முதலில் பேசியவர் பாதியைக் குறைப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று மறுத்தேன். பாதியைக் கட்டினால் பில்லை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் பொறுமையாக ஒரே விஷயத்தைக் கேட்டேன்: "ரவுட்டரை நீங்க திரும்ப வாங்கிக்கொண்ட ரசீது தேதிக்குப் பிறகு நான் ஒரு எம்பியாவது பயன்படுத்தியிருக்கேனா, பார்த்துச் சொல்லுங்க மேடம்." பார்த்தார், பூஜ்யம். "அதையே புகாரில் எழுதி டாக்கெட் எண் கொடுங்க" என்றேன். இங்கே ஒரு அண்ணன் சொன்ன வழிதான் இது. எண் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிய ஆளிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

புகாருக்குப் பதில் தர வேண்டிய கெடு தாண்டியும் பதில் இல்லை. அந்த எண்ணை வைத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி இதற்குக் கட்டணம் கிடையாது. அதன் பிறகே ரத்து என்று மெயில் வந்தது.

கட்டாவிட்டால் உடனே சிபில் குறையும் என்ற நண்பருக்கு: எனக்குக் குறையவில்லை, ஆனால் வசூல் ஏஜென்சி அழைத்தது உண்மை. கேஸ் சிலிண்டர் பணம் பற்றிக் கேட்ட அக்கா, உங்களுக்கு இந்த வழி பொருந்தாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பாருங்கள்.

டெபாசிட் பணம் இன்னும் வரவில்லை. அதற்குத் தனி டாக்கெட் போட்டிருக்கிறேன்.