அமுச்சியின் ‘கேஸ் பிடிப்பை’ ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் அம்மாவின் அம்மாவான அமுச்சியைத் தமிழ் அறியாத மருத்துவரிடம் நாளை காட்டவிருக்கிறோம். சென்ற முறை அவர் ‘உடம்பெல்லாம் சூடு’ என்றதை நான் ‘ஃபீவர்’ என்று சொல்லிவிட்டேன். உண்மையில் காய்ச்சலே இல்லை, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல்தான் இருந்தது. இம்முறை மருத்துவருக்கான குறிப்பில் அதை ‘பர்னிங் யூரினேஷன், நோ ஃபீவர்’ என்று திருத்திவிட்டேன்.

எனக்குக் கவலை தருவது, ‘நெஞ்சுல கேஸ் புடிக்குது’ என்று அவர் சொல்வதே. துருவிக் கேட்டபோது, தோட்டத்து மேட்டில் ஏறினால் நெஞ்சு இறுகுவதாகவும், ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் விட்டுவிடுவதாகவும், ஏப்பம் வந்தாலும் குறைவதில்லை என்றும் சொன்னார். இது இதயத்தின் வலியாகவும் இருக்கலாம் என்பதால், ‘கேஸ்’ என்ற சொல்லையே தவிர்த்து, ‘செஸ்ட் டைட்னஸ் ஆன் எக்ஸர்ஷன், ரிலீவ்டு பை ரெஸ்ட்’ என்று எழுதினால் சரியாகுமா? வியர்வை, இடது கை வலி தவிர வேறென்ன கேட்டுக் குறிக்க வேண்டும் என்பதை மருத்துவம் அறிந்தவர்கள் இன்றிரவுக்குள் தெரிவியுங்கள்.