மறு: பாலத்தடியில தெரு ஏன் இன்னும் தாழுது?

கொழும்பிலிருந்து:
சதுப்பை மேவிப் போட்ட எங்கட புதுத் தெரு திறந்து 2 வருசம். பாலம் அசையேல்லை, ஆனால் ஏறுற இடம் 25 சென்ரிமீற்றர் தாழ்ந்து படி மாதிரி நிக்குது. தார் போட்டு நிரவலாமோ?

ஸ்காபரோவிலிருந்து:
றோலர் ஒழுங்கா உருட்டேல்லை. மண்ணை மெல்லிய படையாப் போட்டு உருட்டியிருந்தா இந்தத் தாழ்வு வராது.

சிட்னியிலிருந்து:
தம்பி, அது மேல போட்ட மண்ணுக்குச் சரி. ஒழுங்கா உருட்டின 3 மீற்றர் மண் தனக்குள்ள சில சென்ரிமீற்றர்தான் இறுகும். இங்க தாழுறது அடியில கிடக்கிற களி. பாலம் ஆழத்துக் கட்டித்தரை வரைக்கும் இறக்கின தூண்களில நிக்கும், அதால அது தாழாது.

3 மீற்றர் மண் சதுர மீற்றருக்கு 6 தொன் பாரம். அதை முதலில களிக்குள்ள இருக்கிற தண்ணிதான் தாங்கும். தண்ணி வெளியேற வெளியேறத்தான் பாரம் களிக்கு மாறி, களி சுருங்கும். களிக்குள்ளால தண்ணி ஊர்ந்துதான் போகும்.

களி 6 மீற்றர், மேலும் கீழும் மணல் எண்டு வையுங்கோ. இப்பிடியான இளகின களியில கணக்குப் பார்த்தா மொத்தம் 95 சென்ரிமீற்றர் அளவில தாழும். முதல் வருசம் 36, மூண்டாம் வருச முடிவில 61. திறக்க ஒரு வருசம் முந்தி மண் போட்டிருந்தா, நீங்கள் காணுற 25 அதுதான். பத்தில் ஒன்பது பங்கு முடிய ஏழரை வருசம். கீழ மணலில்லாமல் தண்ணி மேல மட்டும் போற இடமெண்டா அதுக்கே 30 வருசம். தண்ணி போற தூரம் இரட்டிச்சா காலம் நாலு மடங்கு.

தாரால நிரவினால் 25 சென்ரிமீற்றர் தாரே சதுர மீற்றருக்கு அரைத் தொன்னுக்கு மேல புதுப் பாரம். அதுக்கும் சேர்த்துத் தாழும்.

அத்திடியவிலிருந்து:
அண்ணை, எங்கட காணியும் மேவினதுதான், சுவர் வெடிச்சுப்போச்சு. கிணத்தை இறைச்சுக்கொண்டே இருந்தா தண்ணி போய்க் கெதியா முடிஞ்சிடாதோ?

சிட்னியிலிருந்து:
வேண்டாம் தங்கச்சி. நிலத்தடி நீர் ஒரு மீற்றர் இறங்கினால் களிக்குச் சதுர மீற்றருக்கு ஒரு தொன் பாரம் கூடும். பக்கத்து வீட்டுச் சுவரும் வெடிக்கும். கெதியாக்கிறதெண்டா கட்ட முதல் செய்யவேணும்: பிளாஸ்ரிக் வடிகால் பட்டிகளை 1.2 மீற்றர் இடைவெளியில களியின் அடிவரை இறக்கி, தேவைக்கு மேல மண் குவிச்சுவிட்டா, தண்ணி பக்கவாட்டில அரை மீற்றர் சொச்சம் போனால் காணும். வருசக்கணக்கு மாதக்கணக்காகும். இப்ப வீட்டுக்கு, வெடிப்பின்ர இரண்டு பக்கமும் ஆணி அடிச்சு மாதமொருக்கா இடைவெளியை அளந்து எழுதுங்கோ. கூடுற அளவு மாதத்துக்கு மாதம் குறைஞ்சு வந்தாத்தான் பூசலாம்.

ஸ்காபரோவிலிருந்து:
சரி அண்ணை, அப்ப தெரு ஏழரை வருசத்தோட நிண்டிடுமோ?

சிட்னியிலிருந்து:
களி மட்டுமெண்டா பெரும்பங்கு நிண்டிடும். கொழும்புச் சதுப்பில கறுப்பா, மக்கின செடி வேரோட ஒரு படையும் கிடக்கும். அது தண்ணி போன பிறகும் நசிஞ்சுகொண்டே இருக்கும். துளை போட்டு எடுத்த மண் அறிக்கையில அப்பிடி எழுதியிருக்கோ எண்டு ஆரும் கேட்டுப் பாருங்கோ. இருந்தால் என்ர கணக்கு குறைவாத்தான் வரும்.