ஆறு வயது மகளுக்குக் காதுக்கு முன்னால் வீக்கம்: பொன்னுக்கு வீங்கியா, சொத்தைப் பல்லா?

மீனா_ஓசூர்: நேற்றுக் காலை மகளுக்கு வலது காதுக்கு முன்னால் லேசாக வீங்கியிருந்தது. இன்று காது மடலுக்குக் கீழேயும் பரவிவிட்டது. காய்ச்சல் 100.6. மெல்லும்போது வலி என்கிறாள். அத்தை பொன்னுக்கு வீங்கி என்று சொல்லித் தங்கச் சங்கிலி போட்டுவிட்டார். அதே பக்கம் கீழ்க் கடவாய்ப் பல்லில் சொத்தை இருப்பதால் எனக்குப் பல் மேல்தான் சந்தேகம். யாரிடம் முதலில் காட்டுவது?

ரவி76: ஒரு பக்கம் மட்டும் என்றால் பொன்னுக்கு வீங்கி இல்லைங்க. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டுக் கொடுத்துப் பாருங்கள், சுருக்கென்று வலித்தால்தான் அது.

குழந்தைகள்_வார்டு_நர்ஸ்: ரவி சார், ஒரு பக்கம் மட்டும் வருவதும் உண்டு. சில நாள் கழித்து மறுபக்கம் வீங்குவதும் உண்டு. புளிப்பு பட்டதும் வலித்தால் உமிழ்நீர்ச் சுரப்பியில் தொந்தரவு என்று தெரியும், எதனால் என்று தெரியாது.

மீனா, தாடை எலும்பு காதுக்குக் கீழே திரும்பும் மூலையை இரண்டு பக்கமும் விரலால் தேடுங்கள். காதுக்கு முன்னால் உள்ள சுரப்பி வீங்கினால் அந்த மூலை வீக்கத்தில் மறைந்துவிடும், காது மடலும் வெளியே தள்ளும். பல் சீழ் என்றால் வீக்கம் பெரும்பாலும் கன்னத்தின் கீழே, சொத்தைப் பல்லை ஒட்டி இருக்கும். அந்த ஈறு உப்பியிருக்கும், பல்லைத் தட்டினால் வலிக்கும். நெறிகட்டி என்றால் ஓரம் தெளிவான உருண்டையாக விரலில் தட்டுப்படும். தடுப்பூசி அட்டையில் என்ன போட்டிருக்கிறது?

செல்வி_அம்மா: என் பையனுக்கும் இப்படித்தான். ஆனால் வருடத்தில் இரண்டு, மூன்று முறை, எப்போதும் இடது பக்கம். ஒவ்வொரு முறையும் பொன்னுக்கு வீங்கி என்றே நினைத்தோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, சுரப்பியே அடிக்கடி வீங்கும் வகை, வயது வரும்போது பெரும்பாலும் நின்றுவிடும் என்றார்கள். உங்கள் பெண்ணுக்கு முன்பு வந்திருக்கிறதா?

மீனா_ஓசூர்: இதுதான் முதல் முறை. மூலை தட்டுப்படவே இல்லை, மடலும் தள்ளியிருக்கிறது. ஈற்றில் வலி இல்லை. எம்எம்ஆர் போட்டதாக நினைத்திருந்தேன், அட்டையில் எம்ஆர் என்றுதான் இருக்கிறது.

குழந்தைகள்_வார்டு_நர்ஸ்: அரசு அட்டவணையில் வரும் எம்ஆர் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான், பொன்னுக்கு வீங்கிக்குத் தடுப்பு இல்லை. குழந்தை டாக்டரிடம் முதலில் போங்கள். கன்னத்துக்குள், மேல் கடவாய்ப் பல்லுக்கு எதிரே சுரப்பியின் குழாய் திறக்கும். வெளியே அழுத்தும்போது அங்கே சீழ் வந்தால் அது பாக்டீரியா, ஆன்டிபயாடிக் வேண்டும். பொன்னுக்கு வீங்கிக்கு அது பயன்படாது. வீக்கம் தொடங்கி ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கடும் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, காது கேட்கவில்லை என்றால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மீனா_ஓசூர்: பார்த்துவிட்டோம். சீழ் இல்லை, பொன்னுக்கு வீங்கியாகத்தான் இருக்கும் என்றார். பாரசிட்டமால் மட்டும் எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்திருக்கிறார். இடது பக்கம் இன்னும் வீங்கவில்லை. மறுபடி வந்தால் ஸ்கேன் பார்க்கலாம் என்றார். சொத்தையை வீக்கம் வற்றியதும் காட்ட வேண்டும்.