க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் போட்ட ஸ்டோரி பி.ஜி. ஓனர் காதுக்குப் போயிடுச்சு, லிஸ்ட்டை எப்படிச் சரிபண்றது?

மீனா, மாரத்தஹள்ளி:
நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு இன்ஸ்டாகிராம்ல க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் ஒரு ஸ்டோரி போட்டேன். அடுத்த மாசம் பி.ஜி.யைக் காலி பண்றேன், கே.ஆர். புரம் மெட்ரோ பக்கத்துல ரூம் இருந்தா சொல்லுங்கன்னு. ஓனர் அக்காகிட்ட இன்னும் சொல்லலை, அட்வான்ஸும் அவங்ககிட்டதான் இருக்கு. காலையில டிபன் வைக்கும்போதே "காலி பண்றியாமே"ன்னு கேக்குறாங்க. லிஸ்ட்டைத் திறந்தா அவங்க பொண்ணு பேரும் இருக்கு. இப்ப அவளை எடுத்தா அவளுக்குத் தெரிஞ்சிடுமா? எடுத்தா அந்த ஸ்டோரி அவளுக்கு மறையுமா?

செந்தில், அல்சூர்:
எடுத்தா நோட்டிஃபிகேஷன் எதுவும் போகாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனா போட்டது போட்டதுதான். போட்ட நேரத்துல லிஸ்ட்ல இருந்தவங்க எல்லாருக்கும் அது போயாச்சு. இனிமே எடுத்துப் பிரயோஜனம் இல்லை, ஸ்டோரியை டெலீட் பண்ணுங்க.

ராஜகோபால், ஜெயநகர்:
எனக்கும் இதே அனுபவம்தாம்மா. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பேத்தி போட்டோ வைத்தேன். உடனே My contacts except... என்பதில் போய் ஒரு உறவினர் பெயரைக் குறித்தேன். அப்படியும் அவர் சாயங்காலம் பார்த்துவிட்டு போன் பண்ணினார். செந்தில் தம்பி சொல்வது சரிதான்.

ஃபாத்திமா, சிவாஜி நகர்:
மாமா, உங்க விஷயத்துல அது சரி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அனுப்புற நிமிஷத்துல யார் யாருக்குன்னு முடிவாயிடும். அப்புறம் செட்டிங்கை மாத்தினா அடுத்த ஸ்டேட்டஸ்ல இருந்துதான் பலிக்கும். முதல்ல பேரைக் குறிச்சிட்டு அப்புறம் போடணும். இன்னொண்ணு, ரெண்டு பேர் போன்லயும் மத்தவர் நம்பர் சேவ் ஆகியிருந்தாதான் ஸ்டேட்டஸ் தெரியும்.

இன்ஸ்டாகிராம் வேற மாதிரி. அங்க ஒருத்தர் திறந்து பார்க்கிற நேரத்துல லிஸ்ட்ல இருக்காரான்னுதான் பார்க்கும். அதனால மீனா, இப்ப அந்தப் பொண்ணை எடுத்தா ஸ்டோரி அவளுக்குத் தெரியாமப் போயிடும். பழைய க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் போஸ்ட்டும் அப்படித்தான். இதோட மறுபக்கத்தைத்தான் பலபேர் யோசிக்கிறதில்லை: இன்னைக்குப் புதுசா ஒருத்தரைச் சேர்த்தா, ஏற்கெனவே பச்சை நட்சத்திரம் போட்டுப் புரொஃபைல்ல கிடக்கிற போஸ்ட்டெல்லாம் அவருக்கும் திறந்துக்கும். சேர்க்கிறதுக்கு முன்னாடி அதை ஒருதடவை பார்த்துக்கோங்க.

எடுக்கிற வழி: புரொஃபைல்ல மேல வலது மூலையில மூணு கோடு, கொஞ்சம் கீழே Close Friends. பேருக்குப் பக்கத்துல இருக்கிற டிக்கைத் தட்டி எடுத்துட்டு, கீழே Done அழுத்துங்க. Done அழுத்தாம வெளிய வந்துடாதீங்க.

எடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்டோரியைத் திறந்து மேல இழுத்து யார் பார்த்தாங்கன்னு பாருங்க. 24 மணி நேரம் முடிஞ்சு ஸ்டோரி மறைஞ்சாலும், போட்டதுல இருந்து 48 மணி நேரம் வரைக்கும் Archive-ல அந்தப் பேர்கள் இருக்கும். டெலீட் பண்ணிட்டா அதைப் பார்க்க முடியாமப் போகலாம். அவசரப்பட வேண்டாம்.

மீனா, மாரத்தஹள்ளி:
பார்த்தேன் அக்கா. பதினாலு பேர் பார்த்திருக்காங்க, அவ பேர் அதுல இல்லை! ஆனா எங்க ரூம்மேட் பேர் இருக்கு. அவளும் ஓனர் பொண்ணும் ஒண்ணாத்தான் சாப்பிடுவாங்க. அவ காட்டியிருப்பாளா?

ஃபாத்திமா, சிவாஜி நகர்:
அதை ஆப் சொல்லாது. ஸ்டோரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் உங்களுக்குத் தகவல் வராது, பக்கத்துல உட்கார்ந்து ஒரே போன்ல பார்த்தாலும் ஒரு பேர்தான் பதிவாகும். லிஸ்ட் யார் அக்கவுண்ட்டுக்குக் காட்டணும்னுதான் முடிவு பண்ணும், அதுக்கப்புறம் அது எங்க போகுதுன்னு இல்லை. ரூம்மேட்தான்னு இதை வச்சுச் சொல்லிட முடியாது, நீங்க வேற யார்கிட்டயாவது நேர்ல சொல்லியும் இருக்கலாம்.

செந்தில், அல்சூர்:
நான் வாட்ஸ்அப் மாதிரியேதான் இதுவும்னு நினைச்சிருந்தேன். ஒரு கேள்வி. லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டா அந்தப் பொண்ணுக்குச் சந்தேகம் வராதா? பச்சை வட்டம் திடீர்னு காணோம்னா?

ஃபாத்திமா, சிவாஜி நகர்:
லிஸ்ட்டை மீனா மட்டும்தான் பார்க்க முடியும். ஆனா பச்சை வட்டம் பார்த்தவங்களுக்குத் தான் உள்ளே இருக்கோம்னு தெரிஞ்சிருக்கும், அது நின்னா கவனிக்கிற ஆள் கவனிப்பாங்க. இன்னொண்ணு, அவ இன்னும் ஃபாலோயர்தான். சாதாரண ஸ்டோரி அவளுக்குத் தெரியும். அதுவும் வேண்டாம்னா Hide story-ல தனியா பேரைச் சேர்க்கணும், ரெண்டும் வேற வேற லிஸ்ட்.

ராஜகோபால், ஜெயநகர்:
அம்மா மீனா, அட்வான்ஸ் விஷயத்துக்கு இன்றைக்கே தேதி போட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிடு. வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வை.

மீனா, மாரத்தஹள்ளி:
சரிங்க சார். அவ பேரையும் ரூம்மேட் பேரையும் எடுத்து Done போட்டுட்டேன். ஸ்டோரியை இன்னைக்கு ராத்திரி தானா மறையுற வரைக்கும் விட்டு வைக்கிறேன், ரூம் பத்தி ரெண்டு பேர் பதில் போட்டிருக்காங்க. ஃபாத்திமா அக்கா, பழைய ஹைலைட்ல இருக்கிற பச்சை ஸ்டோரியும் இதே லிஸ்ட்டைத்தான் பார்க்குமா?

ஃபாத்திமா, சிவாஜி நகர்:
ஆமா, லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். நம்பிக்கை வரலைன்னா லிஸ்ட்ல இல்லாத ஒரு தோழி போன்ல உங்க புரொஃபைலைத் திறந்து பாருங்க.